அட்டிக் கதவும் பாட் லைட்டும்: சீலிங்கில் தப்பிப் போகும் வெப்பம்

டொராண்டோவில் ஜனவரிக் கடுங்குளிர் இரண்டு வாரம் விடாமல் அடித்துவிட்டு, ஒருநாள் திடீரென வெயிலேறிப் பனி உருகத் தொடங்கும். அன்று கூரை வேலை செய்பவர்களின் தொலைபேசி ஓயாது. மாடி சீலிங்கில் பழுப்புக் கறை, விளக்கின் ஓரமாகச் சொட்டும் தண்ணீர். "கூரை ஒழுகுகிறது, உடனே வாருங்கள்" என்று அழைப்பார்கள். வந்து பார்த்தால் கூரையில் ஓட்டை எதுவும் இருக்காது. மழையும் பெய்திருக்காது.

அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததே அல்ல. வீட்டுக்குள்ளிருந்து மேலே போனது. சோறு வடித்தபோது எழுந்த ஆவி, குளியலறை ஈரம், நாம் விடும் மூச்சு எல்லாம் சூடான காற்றோடு சேர்ந்து சீலிங்கின் இடுக்குகள் வழியே அட்டிக்குக்குள் ஏறியிருக்கும். அங்கே உறைந்துபோன கூரைப் பலகையில் பட்டுப் பனித்தூளாகப் படிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து, வெயில் பட்டதும் உருகிக் கொட்டியிருக்கும். கனடாவில் வீட்டு வேலை தெரிந்தவர்கள் இதை ‘அட்டிக் மழை’ என்பார்கள்.

அந்தக் காற்று ஏறும் வழிகளில் இரண்டு நம் கண்ணெதிரிலேயே இருக்கின்றன. ஒன்று, அட்டிக்குக்கு ஏறிச் செல்லும் சிறு கதவு. மற்றது, சீலிங்கில் துளையிட்டுப் பதித்த பாட் லைட்டுகள். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து மேலே இன்சுலேஷன் கொட்டுவதில் பாதிப் பயன்தான் உண்டு.

மேலே என்ன இருக்கிறது

கனடா வீடுகளில் சாய்வான கூரைக்கும் மேல்தள சீலிங்குக்கும் இடையில் முக்கோண வடிவில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதுதான் அட்டிக். அங்கே சூடு கிடையாது. கூரை ஓரத் துவாரங்கள் வழியாக வெளிக்காற்று வந்து போகும்படியே அதைக் கட்டுகிறார்கள். ஆகவே குளிர்காலத்தில் அட்டிக் ஏறக்குறைய வெளியைப் போலவே குளிர்ந்திருக்கும். வெளியே மைனஸ் 15 டிகிரி, அறைக்குள் 21 டிகிரி. நடுவில் இருப்பது அரை அங்குல ட்ரைவால் பலகை, அதன்மேல் ஒரு பாலிதீன் தாள், அதற்கும் மேல் கண்ணாடி இழையோ காகித இழையோ ஆன இன்சுலேஷன்.

இதில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. இன்சுலேஷன் வெப்பம் கடந்து போவதைத் தாமதப்படுத்தும். அதன் திறனை ஆர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் கூடக் கூடத் தடுப்பு கூடும். ஆனால் இழைகளால் ஆன இன்சுலேஷன் காற்றைத் தடுக்காது. கீழிருந்து காற்று வந்தால் இழைகளுக்கு நடுவே புகுந்து மேலே போய்விடும். காற்றை நிறுத்துவது ட்ரைவாலும் பாலிதீன் தாளும்தான். அவை இரண்டையும் சேர்த்து வெட்டித்தான் அட்டிக் கதவையும் விளக்கையும் வைக்கிறார்கள்.

காற்று மேலே ஏறக் காரணம் எளிது. சூடான காற்று இலேசானது. அது வீட்டின் உச்சியில் கிடைக்கும் இடுக்கு வழியே வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் குளிர்காற்று அடித்தளத்தின் இடுக்குகள் வழியே உள்ளே வரும். கீழ்த்தளத்தில் கால் சில்லிடுகிறது என்றால், அதன் காரணம் மாடி சீலிங்கில் இருக்கக்கூடும். வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும்.

ஈரம் போவதும் இதே வழிதான். வட அமெரிக்கக் கட்டட அறிவியலார் ஒரு கணக்கைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நான்கடிக்கு எட்டடி ட்ரைவால் பலகை ஒன்றின் ஊடே ஒரு குளிர்காலம் முழுவதும் ஊறிப் போகும் ஈரம் அரை லிட்டருக்கும் குறைவு. அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால், அதன் வழியே காற்றோடு போகும் ஈரம் ஏறத்தாழ 28 லிட்டர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டைகளை அடைக்காமல் இன்சுலேஷனை மட்டும் கூட்டினால் அட்டிக் முன்பைவிடக் குளிர்ந்துபோகும். ஏறும் ஈரமோ குறையாது. அதனால் புதிதாக இன்சுலேஷன் போட்ட முதல் குளிர்காலத்திலேயே அட்டிக் மழை தொடங்கிய வீடுகள் உண்டு. முதலில் அடைப்பு, பிறகு இன்சுலேஷன். வரிசை மாறக் கூடாது.

ஒரு வீட்டின் கணக்கு

ஸ்கார்பரோவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய ஒற்றைத்தள வீடுகள் ஏராளம். தமிழர்கள் பலர் வாங்கிக் குடியிருப்பதும் இவற்றில்தான். அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சீலிங்கின் பரப்பு 1,000 சதுர அடி. மேலே ஆர் 50 அளவுக்கு இன்சுலேஷன் போட்டாயிற்று. அட்டிக் கதவு வெறும் முக்கால் அங்குலப் பிளைவுட். பரப்பு சுமார் 5 சதுர அடி. அதன் தடுப்பு ஆர் 2 தான் வரும். மொத்தப் பரப்பில் இந்தக் கதவு அரை சதவீதம்.

அரை சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. வெப்ப இழப்பு ஒவ்வொரு பகுதியின் பரப்பையும் அதன் ஆர் எண்ணால் வகுத்துக் கூட்டினால் வருவது. சீலிங் முழுவதும் ஆர் 50 ஆக இருந்தால் கூட்டுத்தொகை 20. இந்தக் கதவு ஒன்றே அதில் 2.5 கூட்டிவிடுகிறது. மொத்தம் 22.4. அதாவது சீலிங்கின் உண்மையான தடுப்பு ஆர் 50 அல்ல, ஆர் 45 கூட இல்லை.

இப்போது பாட் லைட்டுகள். பழைய ரக விளக்குக் கூடு சூடேறும். ஆகவே அதைச் சுற்றி மூன்று அங்குலத்துக்கு இன்சுலேஷன் படக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஏழு அங்குல அகலக் கூட்டைச் சுற்றி இப்படி விட்டால் 13 அங்குல வட்டம் வெறுமையாகக் கிடக்கும். அது ஏறத்தாழ ஒரு சதுர அடி. 12 விளக்கு என்றால் 11 சதுர அடி. இதையும் கணக்கில் சேர்த்தால் கூட்டுத்தொகை 27.7 ஆகிறது, சீலிங்கின் தடுப்பு ஆர் 36 ஆக இறங்கிவிடுகிறது. பணம் கொடுத்தது ஆர் 50க்கு.

இது காற்றுக் கசிவைச் சேர்க்காத கணக்கு. அந்தக் கதவைச் சுற்றிக் கால் அங்குல இடுக்கு இருந்தால், நான்கு பக்கமும் சேர்த்து அது 26 சதுர அங்குலத் திறப்பு. சீலிங்கில் ஐந்துக்கு ஐந்து அங்குலத்தில் ஒரு ஓட்டை போட்டு அதைக் குளிர்காலம் முழுவதும் திறந்து வைத்திருப்பதும் இதுவும் ஒன்றே.

கசிவைக் கண்டுபிடிப்பது

ஒரு குளிர்ந்த நாளில், வெளியேற்று விசிறிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அட்டிக் கதவின் விளிம்போரம் மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழுந்து சீலிங்கில் பரவினால் நல்லது. கோடுபோல் வளைந்து இடுக்குக்குள் இழுபட்டுப் போனால் அங்கே கசிவு இருக்கிறது. விளக்கை அணைத்து ஆறவைத்துவிட்டு அதன் வளையத்தைச் சுற்றியும் இப்படியே பார்க்கலாம்.

மேலே தலையை நீட்டினால் இன்னும் சில அடையாளங்கள் தெரியும். இளஞ்சிவப்போ மஞ்சளோ ஆன இன்சுலேஷனில் கதவோரத்திலும் விளக்கைச் சுற்றியும் மட்டும் சாம்பல் நிற அழுக்கு படிந்திருந்தால், அங்கே பல ஆண்டுகளாகக் காற்று வடிகட்டிச் சென்றிருக்கிறது. கூரைப் பலகையில் துருத்தி நிற்கும் ஆணி முனைகளில் வெண்பனி பூத்திருந்தால் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வெளியே நின்று பார்த்தாலும் விளங்கும். கூரை முழுக்கப் பனி மூடியிருக்க, ஓரிடத்தில் மட்டும் வட்டமாக உருகியிருந்தால் அதன் கீழே வெப்பம் கசிகிறது.

ஏறும்போது கவனம் வேண்டும். மரச் சட்டங்களின் மேல்தான் கால் வைக்கலாம்; நடுவில் வைத்தால் ட்ரைவால் உடைந்து கால் கீழறைக்குள் இறங்கிவிடும். முகமூடியும் கையுறையும் அவசியம். பழைய வீட்டில் இழைக்குப் பதில் அபிரகம்போல் மினுங்கும் சிறு துகள்கள் பரப்பியிருந்தால் அவற்றைத் தொடவே கூடாது. அது வெர்மிகுலைட். 1990 வரை விற்ற அந்தப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. கதவை மூடிவிட்டு அதற்குரிய நிபுணரை அழைப்பதே வழி.

கதவைச் சரிசெய்வது

அட்டிக் கதவில் செய்யவேண்டிய வேலை மூன்று. ஒருநாளில் முடித்துவிடலாம்.

முதலாவது, திறப்பைச் சுற்றி ஒரு வரம்பு கட்டுவது. பிளைவுட்டை வெட்டி நாற்புறமும் சட்டங்களில் திருகி, இன்சுலேஷனின் உயரத்தைவிட ஓரிரு அங்குலம் உயரமாக நிறுத்தவேண்டும். ஆர் 60 வேண்டிக் காகித இழையைக் கொட்டினால் அது சுமார் 17 அங்குலம் வரும். அதற்கு 19 அங்குல வரம்பு வேண்டும். வரம்பு இல்லாத இடத்தில் இன்சுலேஷன் கதவை நோக்கிச் சரியும். கதவைத் திறக்கும்போதெல்லாம் தலையில் கொட்டும். அதைப் பார்த்து வேலையாட்களே கதவைச் சுற்றி இரண்டடிக்கு இன்சுலேஷனைக் குறைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது, கதவின் முதுகில் இன்சுலேஷன் ஒட்டுவது. இதற்குக் கெட்டியான ஃபோம் பலகை ஏற்றது. இரண்டு அங்குலத்தில் கிடைக்கும் எக்ஸ்.பி.எஸ். ரகப் பலகை அங்குலத்துக்கு ஆர் 5 தரும். நான்கு அடுக்கு ஒட்டினால் எட்டு அங்குலம், ஆர் 40. ஃபோமுக்கு உரியது என்று எழுதியிருக்கும் பசையைத்தான் வாங்கவேண்டும். சாதாரணப் பசைகள் சில ஃபோமையே கரைத்துவிடும். ஃபோமைக் கதவைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டவேண்டும். விளிம்புவரை வெட்டினால் கதவு சட்டத்தில் சரியாக உட்காராது. எட்டு அங்குலத் தடிமனோடு அதைச் சாய்த்து எடுப்பதும் சிரமம். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: காற்றை அடைப்பது. கதவு உட்காரும் மரவிளிம்பின் நாற்புறமும் ரப்பர் அல்லது நுண்ணறை ஃபோம் பட்டையை ஒட்டவேண்டும். மூலைகளில் இடைவெளி விடாமல் பட்டைகள் ஒன்றோடொன்று முட்டியிருக்கவேண்டும். ஆனால் பட்டையை ஒட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இரண்டை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, பட்டை நசுங்கவேண்டும். நசுங்கினால்தான் அடைக்கும். இலேசான பலகைக் கதவு தன் எடையால் மட்டும் அதை நசுக்காது. இரு பக்கமும் கொக்கியோ தாழ்ப்பாளோ வைத்துக் கதவைக் கீழ்நோக்கி இறுக்கவேண்டும். கொக்கியை மாட்டும்போது சற்றே அழுத்தித் தள்ளவேண்டி இருந்தால் அளவு சரி. சும்மா விழுந்து மாட்டிக்கொண்டால் இடுக்கு இன்னும் இருக்கிறது.

மற்றது, கதவுச் சட்டத்துக்கும் ட்ரைவாலுக்கும் இடையே இருக்கும் வெடிப்பு. அதை அழகுக்காக வைத்த மரச் சட்டம் மறைத்திருக்கும். கதவை எவ்வளவு இறுக்கினாலும் காற்று அந்தச் சட்டத்தின் பின்னால் சுற்றிக்கொண்டு மேலே போகும். சட்டத்தின் இரு விளிம்புகளிலும் கோக்கிங் பசையை ஒரே கோடாகப் பிதுக்கி விரலால் தேய்த்து அடைக்கவேண்டும். சில டாலர் பசைக்குழாய் போதும்.

விளக்குகளைச் சரிசெய்வது

முதலில் எந்த விளக்குகள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மாடி வீட்டின் கீழ்த்தளச் சமையலறையில் உள்ள பாட் லைட்டுக்கு மேலே இருப்பது இன்னொரு அறை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அட்டிக்கின் நேர் கீழே உள்ள விளக்குகள்தான் நம் கணக்கில் வருபவை. ஒற்றைத்தள வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

அடுத்து, விளக்குக் கூட்டின் ரகம். பல்பைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஐ.சி. வகை என்று போட்டிருந்தால் இன்சுலேஷன் அதன்மேல் படலாம். இல்லையென்றாலோ, மூன்று அங்குல இடைவெளி வேண்டும் என்று எழுதியிருந்தாலோ அதை மூடக் கூடாது. மூடினால் சூடு வெளியேற வழியின்றிக் கூடு கொதிக்கும்; அருகிலுள்ள மரமோ இழையோ தீப்பிடிக்கக்கூடும். இத்தகைய கூடுகளில் வெப்பம் மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. விளக்கு தானாக அணைந்து, சற்று நேரம் கழித்துத் தானாக எரிந்தால் பல்பு கெட்டது என்று நினைக்காதீர்கள். கூடு சூடேறித் தவிக்கிறது என்பதற்கு அது அறிகுறி.

"எல்.இ.டி. பல்பு மாட்டிவிட்டோமே, சூடே இல்லையே, இப்போது மூடலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. பல்பு மாறினாலும் கூட்டின் ரகம் மாறுவதில்லை. நாளை வீட்டை வாங்குபவர் அதில் பழைய 75 வாட் பல்பை மாட்டலாம். மேலே என்ன புதைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

கூட்டில் உள்ள சிறு துளைகளைப் பசையாலோ தெளிக்கும் ஃபோமாலோ அடைப்பதும் ஆபத்து. பழைய கூட்டில் அந்தத் துளைகள் சூட்டை வெளியேற்றுகின்றன. அதாவது பாதுகாப்பாக எரிவதற்கு அதில் காற்றுப் போகவேண்டும். வீடு சூடாக இருப்பதற்குக் காற்றுப் போகக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கூட்டில் வைத்துத் தீர்க்க முடியாது. ஆகவே பழைய கூட்டை எடுத்துவிட்டு வேறு விளக்கு வைப்பதே சரியான முடிவு.

மெல்லிய தட்டுப்போன்ற எல்.இ.டி. விளக்குகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. கூடே இல்லை, தடிமன் அரை அங்குலம் அளவுதான். மின்இணைப்புப் பெட்டி தனியாக அட்டிக்கில் கிடக்கும். வாங்கும்போது உறையில் மூன்றைப் பாருங்கள்: ஐ.சி. வகை என்ற குறி, காற்றுப்புகாதது என்ற குறி, கனடாவில் ஏற்ற சி.எஸ்.ஏ. போன்ற பாதுகாப்பு முத்திரை. மூன்றும் இருந்தால் இன்சுலேஷனை அதன்மேல் முழு உயரத்துக்குப் பரப்பலாம்.

இந்த விளக்கில் காற்றை அடைப்பது அதன் பின்விளிம்பில் உள்ள மெல்லிய ஃபோம் வளையம். அது வழவழப்பான சீலிங்கில்தான் ஒட்டி அடைக்கும். எழுபது எண்பதுகளில் கட்டிய டொராண்டோ வீடுகளில் சீலிங் பொரிபோல் சொரசொரப்பாக இருக்கும். அதில் வளையம் மேடுகளின்மேல் உட்கார்ந்து, பள்ளங்கள் வழியே காற்று போகும். விளிம்பைச் சுற்றி மெல்லிதாகக் கோக்கிங் இட்டால் சரியாகும். சுரண்டி வழவழப்பாக்க நினைத்தால் முதலில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். அக்காலச் சீலிங் பூச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பழைய கூட்டைக் கழற்றுவதும் புதிய இணைப்புக் கொடுப்பதும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. இன்சுலேஷன் கொட்டும் நாளுக்கு முன்பே அவர் வந்து போகவேண்டும். பின்னால் வந்தால், பரப்பியதை எல்லாம் மிதித்தும் தள்ளியும்தான் அவர் வேலை செய்யவேண்டியிருக்கும்.

முடிந்தபின்

ஸ்கார்பரோ வீட்டின் கணக்கை இப்போது மீண்டும் போட்டால், கதவு ஆர் 40, விளக்குகளின் மேல் முழு இன்சுலேஷன் என்ற நிலையில் சீலிங்கின் தடுப்பு ஏறத்தாழ ஆர் 50 ஆகவே நிற்கிறது. ஊதுபத்தியை மறுபடி கொளுத்திப் பார்த்தால் காற்றின் கணக்கும் தெரிந்துவிடும். துல்லியமாக அறிய விரும்பினால், வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டின் கசிவை அளக்கும் சோதனை இருக்கிறது. கனடாவின் எனர்கைட் வீட்டு மதிப்பீட்டில் அதுவும் ஒரு பகுதி. அடுத்த ஜனவரியில் ஆணி முனைகளையும் ஒருமுறை பாருங்கள். பனி பூக்கவில்லை என்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

அப்போதும் பனி இருந்தால் வேறு வழிகள் திறந்திருக்கின்றன என்று பொருள். குளியலறை விசிறிக் குழாய் வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிந்திருக்கலாம். கழிவுக் குழாய் ஏறும் துளையோ, உட்சுவர்களின் தலைப்பகுதியோ அடைபடாமல் இருக்கலாம். கதவும் விளக்கும் எல்லாக் கசிவுக்கும் மருந்தல்ல. ஆனால் கைக்கு எட்டுகிறவை, செலவு குறைந்தவை அவை என்பதால் தொடக்கம் அங்கேதான் இருக்கவேண்டும்.

இன்சுலேஷன் நிறுவனத்தார் விலைப்பட்டியல் கொடுக்கும்போது அதில் எத்தனை அங்குலம், எத்தனை ஆர் என்று மட்டுமே எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அட்டிக் கதவுக்கு வரம்பு, ஃபோம், ரப்பர் பட்டை, தாழ்ப்பாள், அட்டிக்குக்குக் கீழுள்ள பழைய பாட் லைட்டுகள் மாற்றப்பட்ட பின்பே இன்சுலேஷன் பரப்பப்படும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.